மாடிப்படி டூ-வே சுவிட்சைக் கெடுக்காமல் ஸ்மார்ட் ரிலே சேர்த்த கதை

மாடிப்படி லைட்டைப் போனிலிருந்தும் போட்டு அணைக்க ஸ்மார்ட் ரிலே என்ற சின்ன மாட்யூலைப் போட வேண்டும் என்றதும் அம்மா வைத்த நிபந்தனை ஒன்றுதான். கீழே இருக்கும் சுவிட்சும் மேலே இருக்கும் சுவிட்சும் இப்போது எப்படி வேலை செய்கிறதோ அப்படியே வேலை செய்ய வேண்டும். எந்த சுவிட்சைத் தட்டினாலும் லைட் மாற வேண்டும். வைஃபை இல்லையென்றாலும் சரி, கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடினாலும் சரி.

நியாயமான நிபந்தனைதான். படியில் இருட்டில் நிற்கிறவரிடம் போனை எடுத்து ஆப்பைத் திற என்று சொல்ல முடியாது. ஆனால் நம்ம ஊர் வீடுகளின் டூ-வே வயரிங்கில் இதைச் செய்யும்போது மாட்யூலை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மதுரையில் எங்கள் வீட்டில் செய்ததை வைத்து அதைச் சொல்கிறேன். மாடி ஒன்று, கீழ்தளம் ஒன்று, சிங்கிள் பேஸ் சப்ளை, ஒரு இன்வெர்ட்டர். பெரும்பாலான வீடுகளில் இருக்கும் அமைப்புதான்.

முதலில், இருக்கிற வயரிங் எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம். டூ-வே சுவிட்சில் மூன்று முனைகள் இருக்கும். ஒன்று காமன், மற்ற இரண்டும் மாறி மாறி காமனோடு சேரும் முனைகள். கீழ் சுவிட்சின் காமனுக்குப் பேஸ் வருகிறது. அதன் மற்ற இரண்டு முனைகளிலிருந்து இரண்டு ஒயர்கள் மேல் சுவிட்சின் இரண்டு முனைகளுக்குப் போகின்றன. இவற்றை இங்கே ஜோடி ஒயர் என்று சொல்கிறேன். மேல் சுவிட்சின் காமனிலிருந்து ஒரே ஒரு ஒயர் லைட்டுக்குப் போகிறது. அது லைட் ஒயர். நியூட்ரல் எந்த சுவிட்சுக்கும் வராது, நேராக லைட்டுக்குப் போய்விடும். ஜோடி ஒயரில் ஏதாவது ஒன்றில் எந்நேரமும் பேஸ் இருக்கும். மேல் சுவிட்ச் அந்த ஒயரின் பக்கம் சாய்ந்திருந்தால் லைட் எரியும், இல்லாவிட்டால் எரியாது.

ஸ்மார்ட் ரிலேவுக்கோ L முனையில் நிரந்தரப் பேஸ், N முனையில் நிரந்தர நியூட்ரல் இரண்டும் வேண்டும். சுவிட்சின் நிலையைத் தெரிந்துகொள்ள SW என்று ஒரு முனை, லைட்டுக்குப் போக O என்று ஒரு முனை. நான் வாங்கியது ஷெல்லி கம்பெனியின் டிரை காண்டாக்ட் வகை. அதில் ரிலேவின் உள்முனை I தனியாக இருக்கும், அதற்கு L-லிருந்து ஒரு சின்னத் துண்டு ஒயர் லூப் போட்டாக வேண்டும். அதைப் போடாவிட்டால் ரிலே டிக் டிக் என்று அடிக்கும், லைட் மட்டும் எரியாது.

மாட்யூலை மேல் போர்டில் வைத்துவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எங்கள் வீட்டில் மேல் டூ-வே சுவிட்ச் தனிப் பெட்டியில் இல்லை, மாடி ஹாலின் போர்டிலேயே இருக்கிறது. ஃபேன், ஐந்து ஆம்பியர் பிளக் எல்லாம் அதில் இருப்பதால் பேஸும் உண்டு, பிளக்குக்கு வந்த நியூட்ரலும் உண்டு. மேல் சுவிட்சின் காமனில் இருந்து லைட் ஒயரைக் கழற்றி மாட்யூலின் O-வில் மாட்டு, காமனை SW-வோடு சேர், L, N இரண்டையும் போர்டிலேயே எடுத்துக்கொள். புதிதாக ஒரு ஒயர்கூட இழுக்க வேண்டாம். இணையத்தில் பார்க்கும் படங்களும் இதைத்தான் காட்டும்.

எங்களுக்கு எப்போதும் வேலை செய்து கொடுக்கும் ஒயர்மேன் அண்ணன் போர்டைத் திறந்ததும், "தம்பி, இந்த மாடிப்படி லைட் இன்வெர்ட்டர் லைன்தானே?" என்று கேட்டார். ஆமாம், அது கீழ் ஹால் போர்டிலிருந்து இன்வெர்ட்டர் பேஸில் வருகிறது. மாடி ஹால் போர்டில் இருப்பதோ வெறும் ஈபி லைன். கரண்ட் போனால் அங்கே ஃபேனும் ஓடாது.

"அப்ப கரண்ட் போச்சுன்னா உங்க பெட்டி செத்துரும். கீழே சுவிட்ச் போட்டா பேஸ் மேல வரும், ஆனா லைட் எரியாது" என்றார்.

அதுதான் விஷயம். மாட்யூலின் L ஈபியில், SW-க்கு வரும் பேஸ் இன்வெர்ட்டரில். கரண்ட் இருக்கும்வரை இன்வெர்ட்டர் ஈபியை அப்படியே உள்ளே விட்டு வெளியே தள்ளுகிறது என்பதால் இரண்டும் ஒரே பேஸ்தான். மல்டிமீட்டரை இரண்டுக்கும் நடுவே வைத்தால் கிட்டத்தட்ட சுழியம் காட்டும். எல்லாம் சரி என்று நினைத்துப் போர்டை மூடிவிடுவோம். கரண்ட் போன அன்றுதான் தெரியும், மாடிப்படி லைட் எந்த நேரத்துக்காக இன்வெர்ட்டரில் போடப்பட்டதோ அந்த நேரத்தில் அது எரியவில்லை என்று. ஆகவே இந்தச் சோதனையை மெயின் ஆஃப் செய்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். மெயினை இறக்கி, இன்வெர்ட்டரை ஓட விட்டு, மேல் போர்டில் எந்தெந்த ஒயரில் இன்னும் பேஸ் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் போர்டில் ஜோடி ஒயரில் ஒன்றில் மட்டும் இருந்தது, மற்றதெல்லாம் செத்துவிட்டது.

த்ரீ பேஸ் வீடு என்றால் இது இன்னும் மோசம். கீழ்தளம் ஒரு பேஸிலும் மாடி இன்னொரு பேஸிலும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே சுமார் 400 வோல்ட் நிற்கும். L ஒரு பேஸிலும் SW இன்னொரு பேஸிலும் போனால் மாட்யூல் புகைந்துவிட வாய்ப்பு உண்டு. கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக இருக்கும் வீட்டில், ஒரு தளத்தின் பேஸை எடுத்து இன்னொரு தளத்தின் நியூட்ரலில் லைட்டை எரித்தால் லைட்டைப் போட்டவுடனே ட்ரிப் ஆகும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான். மாட்யூலின் L, SW-க்கு வரும் பேஸ், லைட்டின் நியூட்ரல் மூன்றும் ஒரே சர்க்யூட்டில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் இங்கே சொல்லிவிட வேண்டும். மெயினை ஆஃப் செய்தால் வீடு செத்துவிட்டது என்று நினைத்துப் பெட்டிக்குள் கைவைக்காதீர்கள். இன்வெர்ட்டர் உடனே எடுத்துக்கொண்டு அந்த லைனில் 230 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும். வேலை செய்யும்போது இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் வெளிச்செல்லும் எம்சிபியையும் இறக்கியாக வேண்டும். மேல் போர்டுக்கு இரண்டு இடத்திலிருந்து சப்ளை வருகிறது என்பதை வெளியே இருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. இந்த வேலையை லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்துச் செய்யுங்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

சரி, மேல் போர்டு ஆகாது. கீழ் போர்டில் வைத்தால்? அங்கே இன்வெர்ட்டர் பேஸும் நியூட்ரலும் இருக்கின்றன. ஆனால் மேல் சுவிட்சின் காமனிலிருந்து SW-க்குத் திரும்பி வர ஒரு ஒயர் வேண்டும், O-விலிருந்து லைட்டுக்குப் போக இன்னொரு ஒயர் வேண்டும். கீழிருந்து மேலுக்கு ஜோடி ஒயர் மட்டும்தான் இருக்கிறது. ஆக இரண்டு புது ஒயர்கள்.

கடைசியில் நாங்கள் வைத்தது லைட் இருக்கும் இடத்தில். டூ-வே வயரிங்கை மொத்தமாக அப்படியே விட்டுவிட்டோம், எந்த சுவிட்சின் முனையையும் தொடவில்லை. மேல் சுவிட்சிலிருந்து வரும் லைட் ஒயர் இதுவரை நேராக லைட்டுக்குப் போனது. இப்போது அது மாட்யூலின் SW-க்குப் போகிறது. நியூட்ரல் ஏற்கனவே அங்கேயே இருக்கிறது, சரியான சர்க்யூட்டின் நியூட்ரல். மாட்யூலின் O-விலிருந்து லைட்டுக்கு அரை அடி ஒயர். குறைவது ஒன்றுதான், நிரந்தரப் பேஸ். அதற்காக கீழ் போர்டில் டூ-வே சுவிட்சின் காமனுக்கு வரும் அதே பேஸிலிருந்து 1 சதுர மில்லிமீட்டர் சிவப்பு ஒயர் ஒன்றை ஜோடி ஒயர் போகும் பைப்பிலேயே மேல் போர்டுக்கு ஏற்றி, அங்கிருந்து லைட் பாயிண்ட்டுக்கு இழுத்தோம். முக்கால் இஞ்ச் பைப்பில் ஏற்கனவே இரண்டே ஒயர்தான் என்பதால் ஒயர் இழுக்கும் ஸ்பிரிங் விட்டதும் சுலபமாக வந்துவிட்டது. பைப்பில் நிறைய பெண்டு இருந்தாலோ, கான்க்ரீட் போடும்போது நசுங்கியிருந்தாலோ இந்த வழி மூடிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த இடத்தை நான் விரும்புவதற்குப் பெரிய காரணம் மாட்யூல் செத்துப்போகும் நாள். வைஃபை இல்லாவிட்டாலும் சுவிட்ச் வேலை செய்யும் என்று எல்லா மாட்யூலின் அட்டையிலும் எழுதியிருக்கும், அது உண்மையும்கூட. சுவிட்சைப் படிப்பதும் ரிலேவை அடிப்பதும் மாட்யூலுக்குள்ளேயே நடக்கின்றன, ரவுட்டருக்கு அதில் வேலை இல்லை. ஆனால் மாட்யூலே போய்விட்டால் சுவிட்ச் வெறும் பிளாஸ்டிக். லைட் பக்கம் வைத்திருந்தால், O-வின் ஒயரை எடுத்துவிட்டு, SW-வில் இருக்கும் லைட் ஒயரைக் கழற்றி லைட்டோடு சேர்த்துவிட்டால் போதும், பழைய டூ-வே வயரிங் அந்த நிமிடமே திரும்பி வந்துவிடும். அதற்காகவே அங்கே லீவர் கனெக்டர் போட்டோம், டேப் சுற்றவில்லை. ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம், லீவரைத் தூக்கி ஒயரை மாற்றினால் ஆயிற்று. புது சிவப்பு ஒயரை மட்டும் தனிக் கனெக்டரில் மூடி வைக்க வேண்டும், அதில் எப்போதும் பேஸ் இருக்கும்.

மாட்யூல் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த முறையில் SW-க்கு 230 வோல்ட் பேஸ் நேராக வருகிறது. ஷெல்லி வகையின் SW அதற்காகவே செய்யப்பட்டது. கடையில் விலை குறைவாகக் கிடைக்கும், S1, S2 என்று இரண்டு முனைகள் உள்ள மாட்யூல்கள் பலவற்றில் அந்த முனைகளுக்கு எந்த வோல்ட்டேஜும் கொடுக்கக் கூடாது, இரண்டையும் சுவிட்ச் மூலம் ஒன்று சேர்க்கத்தான் வேண்டும். அதில் பேஸைக் கொடுத்தால் அதோடு அது முடிந்தது. அந்த வகையைப் போட வேண்டுமென்றால் கீழ் சுவிட்சின் காமனிலிருந்து பேஸைக் கழற்றிவிட்டு, ஜோடி ஒயரின் இரண்டு பக்கக் காமனையும் மாட்யூலுக்குக் கொண்டுவர வேண்டும். மேலே சொன்ன சுலபம் எல்லாம் போய்விடும்.

வயரிங் முடிந்தபின் ஒரு செட்டிங் இருக்கிறது. அதை மாற்றாவிட்டால் சுவிட்ச் பாதி நேரம் வேலை செய்யாது. மாட்யூல் சுவிட்சை இரண்டு விதமாகப் படிக்கலாம். SW-வில் பேஸ் இருந்தால் ஆன், இல்லாவிட்டால் ஆஃப் என்பது ஒன்று, இதன் பெயர் `follow`. SW-வில் எந்த மாற்றம் வந்தாலும் லைட்டின் நிலையைத் திருப்பு என்பது இன்னொன்று, இதன் பெயர் `flip`. முதலாவதில் வைத்துவிட்டு போனில் லைட்டை அணைக்கிறீர்கள் என்று வையுங்கள். SW-வில் இன்னும் பேஸ் இருக்கிறது. அம்மா வந்து சுவிட்சைத் தட்டுகிறார், SW-வில் பேஸ் போகிறது, மாட்யூல் ஆஃப் என்கிறது. லைட் ஏற்கனவே ஆஃப், ஒன்றும் நடக்காது. இரண்டாம் முறை தட்டினால்தான் எரியும். சுவிட்ச் கெட்டுவிட்டது என்று ஒயர்மேனைக் கூப்பிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். டூ-வேயில் எந்தப் பக்கம் ஆன், எந்தப் பக்கம் ஆஃப் என்று எப்போதுமே கிடையாது, ஆகவே `flip` அதற்கு அப்படியே பொருந்துகிறது.

ஷெல்லியின் இரண்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் என்றால் ஆப்பிலேயே மாற்றலாம், அல்லது பிரவுசரில் இப்படி அடிக்கலாம். ஐபி முகவரியை மட்டும் உங்கள் மாட்யூலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

```
http://192.168.1.60/rpc/Switch.SetConfig?id=0&config={"in_mode":"flip","initial_state":"restore_last"}
```

டாஸ்மோட்டா என்ற மென்பொருளை ஏற்றிய மாட்யூல் என்றால் கன்சோலில் இந்த இரண்டு வரி.

```
SwitchMode1 0
PowerOnState 3
```

`restore_last` எதற்கு என்றால், சப்ளை போய்த் திரும்பி வரும்போது லைட் கடைசியாக இருந்த நிலைக்கே வர வேண்டும். அதே இடத்தில், SW-வின் நிலையையே லைட்டுக்கும் வைக்கும் `match_input` என்று ஒன்றும் இருக்கிறது, கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் `flip`-இல் SW-வின் நிலைக்கும் லைட்டின் நிலைக்கும் தொடர்பே இல்லை. அதை வைத்தால் நடுராத்திரி கரண்ட் வந்துபோகும்போது அணைத்து வைத்த லைட் தானாக எரிந்து நிற்கலாம். ஆப்பில் ஆட்டோ ஆஃப் டைமரும் உண்டு, நான் வைக்கவில்லை. வயதானவர் பாதிப் படியில் இருக்கும்போது லைட் அணைவதைவிட இரவெல்லாம் 9 வாட் எரிந்துவிட்டுப் போகட்டும்.

இதெல்லாம் ஆனபின்னும் ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. யாரும் தொடாமலே லைட் சில சமயம் எரிந்தது, சில சமயம் அணைந்தது. ஆப்பின் பதிவில் பார்த்தால் சுவிட்ச் மாறியதாகவே இருந்தது, போனிலிருந்தோ வேறெங்கிருந்தோ வந்த கட்டளை இல்லை. லைட் ஒயரில் சப்ளை இல்லாத நிலையில் SW-க்கும் நியூட்ரலுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்ததும் அறுபது வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டியது. டெஸ்டரும் மங்கலாக எரிந்தது. அண்ணன் பையிலிருந்து ஹோல்டரும் பல்பும் உள்ள டெஸ்ட் லேம்ப்பை எடுத்து வைத்தார், பல்பு எரியவேயில்லை. மீட்டரிலும் அதே நேரம் எண் சுழியத்துக்கு விழுந்தது.

அது நிஜ சப்ளை இல்லை, பக்கத்து ஒயரிலிருந்து தாவி வருவது. ஒரே பைப்பில் பேஸ் உள்ள ஒயரும் பேஸ் இல்லாத ஒயரும் பத்துப் பதினைந்து மீட்டர் ஒட்டிக்கொண்டே போனால் இரண்டும் சேர்ந்து ஒரு சின்னக் கெப்பாசிட்டர் ஆகிவிடும். இந்த வீட்டில் அதன் அடையாளம் முன்பே இருந்தது. பழைய குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்ட நாளிலிருந்து, லைட்டை அணைத்தாலும் இருட்டில் அது மின்மினி மாதிரி மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது. பல்பு கோளாறு என்று இரண்டு பல்பு மாற்றியிருக்கிறோம். மாட்யூல் வந்தபின் அந்த மங்கல் போய்விட்டது, ஏனென்றால் ரிலே காண்டாக்ட் லைட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நடுவே நீள ஒயர் இல்லை. அதே தாவும் வோல்ட்டேஜ் இப்போது SW-வில் போய் நின்றுகொண்டது. போதாததற்கு நாங்கள் இழுத்த நிரந்தரப் பேஸ் ஒயரும் அதே பைப்பில் லைட் ஒயரோடு ஒட்டிப் போகிறது.

இதற்கு மருந்து SW-க்கும் N-க்கும் நடுவே ஒரு ஆர்சி ஸ்னப்பர். 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடராக இணைந்து ஒரே பொட்டலமாக வரும். கெப்பாசிட்டர் கண்டிப்பாக X2 வகையாக இருக்க வேண்டும், ரேடியோ கடையில் கிடைக்கும் சாதாரண டிஸ்க் கெப்பாசிட்டர் மெயின்ஸில் நிற்காது. கணக்கு எளிது. ஒயர்கள் சேர்ந்து உண்டாக்கும் கெப்பாசிட்டர் மிகச் சிறியது, நம் 50 ஹெர்ட்ஸில் அதன் தடை மெகா ஓம் அளவில் இருக்கும். ஸ்னப்பரின் தடையோ 32 கிலோ ஓம் அளவுதான். இரண்டும் தொடரில் வரும்போது தாவும் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட முழுவதும் ஒயர் பக்கமே விழுந்துவிடும், SW-வில் மிஞ்சுவது ஓரிரு வோல்ட்தான். நிஜப் பேஸ் வரும்போது ஸ்னப்பர் இழுப்பது 7 மில்லி ஆம்பியர், அதை யாரும் கவனிக்க வேண்டியதில்லை. அதைப் போட்டபின் லைட் தானாக மாறுவது நின்றது.

போர்டை மூடும் முன் சோதிக்க வேண்டிய முறை இதுதான். இரண்டு சுவிட்சையும் மாறி மாறித் தட்டி நான்கு நிலைகளிலும் லைட் மாறுகிறதா என்று பாருங்கள். பிறகு போனில் அணைத்துவிட்டு எந்த சுவிட்சிலும் ஒரே தட்டில் எரிகிறதா என்று பாருங்கள். ரவுட்டரை அணைத்துவிட்டு இரண்டு சுவிட்சையும் மறுபடி தட்டிப் பாருங்கள். கடைசியாக ஈபி மெயினை இறக்கி, இன்வெர்ட்டரில் ஓடும்போது ஒருமுறை. நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

மாட்யூலை லைட்டின் உள்ளேயே திணிக்காதீர்கள், எல்இடி டிரைவரின் சூடு அதைச் சீக்கிரம் தின்றுவிடும். எங்களுக்கு லைட்டுக்குப் பின்னால் சுவரில் பிவிசி பெட்டி இருந்தது, அதில் வைத்தோம். இரும்புப் பெட்டி என்றால் வைஃபை சிக்னல் திணறும், மூடி பிளாஸ்டிக்காக இருந்தால் ஓரளவு தாங்கும்.

சில பழைய வீடுகளில் ஒயரை மிச்சம் பிடிக்க வேறொரு முறை இருக்கும். இரண்டு சுவிட்சுக்கும் பேஸ், நியூட்ரல் இரண்டையும் கொண்டுவந்து, இரண்டு காமனுக்கும் நடுவே லைட்டை மாட்டியிருப்பார்கள். சுவிட்சைக் கழற்றி டெஸ்ட் லேம்ப் வைத்தால் தெரிந்துவிடும், சுவிட்ச் எப்படி இருந்தாலும் ஒரு முனையில் எப்போதும் பேஸ் இருக்கும், இன்னொரு முனையில் எப்போதுமே இருக்காது. அந்த வயரிங்கில் லைட் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரின் இரண்டு பக்கமும் பேஸ் நிற்கலாம், நிரந்தர நியூட்ரல் என்று அங்கே எதுவும் இல்லை. அதில் எந்த மாட்யூலும் போடாதீர்கள், முதலில் வயரிங்கை மாற்றுங்கள்.

மாடிக்கு மேல் இன்னொரு மாடி கட்டி, நடுவே மூன்றாவது சுவிட்ச் வேண்டும் என்றாலும் லைட் பக்கம் எதையும் தொட வேண்டாம். ஜோடி ஒயரை நடுவில் வெட்டி, நான்கு முனை உள்ள இன்டர்மீடியட் சுவிட்சைப் போட்டால் ஆயிற்று. SW-க்கு வரும் செய்தி அப்போதும் அதேதான், மாறியது அல்லது மாறவில்லை.